அட்டவணையில் இருப்பது கேழ்வரகு, செம்பில் இருப்பது கஞ்சி

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயசு 46. தேவிபட்டினத்துக்குப் பக்கத்துல கடற்கரை ஊரு. நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறேன். போன மாசம் ரத்தம் எடுத்துப் பார்த்ததுல வெறும் வயித்துல 156, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 262, மூணு மாச சர்க்கரை 7.9னு வந்துச்சு. மெட்பார்மின் 500 காலைலயும் ராத்திரியும் போடச் சொல்லிருக்காங்க. மகன் செல்லுல ஜி.ஐ. அட்டவணைன்னு ஒண்ணு எடுத்துக் கொடுத்தான். அதைப் பார்த்துச் சீனிய நிறுத்திட்டுக் கருப்பட்டிக்கு மாறிட்டேன். கடல்ல இருந்து வந்ததும் ரெண்டு செம்பு கேழ்வரகுக் கஞ்சி, கருப்பட்டி போட்டு. ராத்திரி கோதுமை தோசை. தர்பூசணிக்கு 70க்கு மேல போட்டிருக்குன்னு தொடுறதே இல்ல. அப்படி இருந்தும் கஞ்சி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு மெஷின்ல பார்த்தா 251. அட்டவணை பொய்யா, மெஷின் பொய்யா? மத்தியானம் சோறே சாப்பிடக் கூடாதா? பதநீர் சீசன் வருது, அதையும் விடணுமா?

பதில்:

அட்டவணையும் பொய் சொல்லவில்லை, மெஷினும் பொய் சொல்லவில்லை தம்பி. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அட்டவணையிடம் நீங்கள் கேட்காத கேள்விக்கு அதன் பதிலை எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. படித்து முடித்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்த புதிதில் நானே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் போட்ட அட்டையை எல்லோர் கையிலும் திணித்து அனுப்பியிருக்கிறேன். பச்சைக் கட்டத்தில் இருப்பதை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மாதம் சர்க்கரை ஏறித் திரும்பி வந்தவர்கள்தான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கனடாவின் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1981ல் 62 உணவுகளுக்கு இதை அளந்து வெளியிட்டார்கள். முறை எளிதானது. ஒரு உணவில் எவ்வளவு எடுத்தால் உடலில் சேரக்கூடிய மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 50 கிராம் வருமோ, அவ்வளவை வெறும் வயிற்றில் இருக்கும் ஆட்களுக்குக் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்த்து, சர்க்கரை எவ்வளவு ஏறியது என்று கோடு வரைவார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு 50 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து அதற்கும் கோடு வரைவார்கள். குளுக்கோஸின் ஏற்றத்தை 100 என்று வைத்தால் அந்த உணவின் ஏற்றம் எத்தனை என்பதுதான் கிளைசெமிக் இண்டெக்ஸ், சுருக்கமாக ஜி.ஐ. 55 வரை குறைவு, 70ம் அதற்கு மேலும் அதிகம், நடுவில் இருப்பது நடுத்தரம்.

முண்டு மிளகாய்க்கு 2023ல் கிடைத்ததும் ஜி.ஐ.தானே, அப்படியென்றால் அது சர்க்கரைக்கு நல்லதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அது புவிசார் குறியீடு. எந்த ஊர்ப் பொருள் என்று சொல்வது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றாகிப் போனதுதான் தொல்லை. கருப்பட்டிப் பொட்டலத்தில் ஜி.ஐ. என்று பார்த்தாலும் எந்த ஜி.ஐ. என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் தர்பூசணிக்கு வருவோம். அட்டவணையில் 72, 76 என்று பயமுறுத்துகிறதல்லவா? அந்த எண்ணை அளக்க 50 கிராம் சர்க்கரை வரும் அளவுக்குத் தர்பூசணியைச் சாப்பிட வைத்திருப்பார்கள். 100 கிராம் தர்பூசணியில் இருப்பதே ஏழு, எட்டு கிராம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆக முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்றால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். ரோட்டோரம் வெட்டித் தரும் ஒரு கீற்று 150 கிராம் இருக்கும் என்று வையுங்கள். அதில் 11 கிராம் சர்க்கரை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பின்னால் கிளைசெமிக் லோடு என்று இன்னொரு கணக்கு வந்தது. லோடு என்றால் நமக்குப் புரியும் சொல்தான், சுமை. வேகத்தையும் அளவையும் பெருக்கிப் பார்ப்பது. அட்டவணை எண்ணை, நீங்கள் உண்மையில் சாப்பிடும் மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100ஆல் வகுத்தால் சுமை வந்துவிடும். ஒரு தடவை சாப்பிடுவதில் 10 வரை வந்தால் லேசு, 20க்கு மேல் போனால் கனம். உங்கள் தர்பூசணிக் கீற்றுக்கு 72ஐ 11ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 8. எண் சிவப்புக் கட்டத்தில் இருந்தாலும் சுமை லேசு.

இப்போது செம்புக்கு வருவோம். இரண்டு செம்பு கஞ்சிக்கு உங்கள் வீட்டில் எவ்வளவு மாவு போடுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கடலுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சும் கஞ்சி என்பதால் 80 கிராம் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் மாவுச்சத்து ஏறக்குறைய 54 கிராம். கருப்பட்டி ஒரு துண்டு 25 கிராம் என்றால் அதில் 20 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை. மொத்தம் 75 கிராமை ஒட்டி வருகிறது. தர்பூசணிக் கீற்றைப் போல ஏழு மடங்கு. அதுவும் மெல்ல வேண்டிய அவசியமே இல்லாமல், பசியில் பத்து நிமிடத்தில் வயிற்றுக்குள் இறங்கிவிடுகிறது.

கேழ்வரகு நல்ல தானியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் பக்கத்தில் கூட நிற்க முடியாது. ஆனால் கேழ்வரகு வேறு, கேழ்வரகு மாவுக் கஞ்சி வேறு. தானியம் முழுதாக இருக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்தை மேல்தோல் பொத்தி வைத்திருக்கும். செரிமான நீர் அதை உடைத்துக்கொண்டு உள்ளே போக நேரமாகும். மில்லில் கொடுத்து மாவாக்கும்போதே அந்த வேலையில் பாதியை மில் முடித்துவிடுகிறது. மீதியைக் கொதிக்கும் தண்ணீர் முடிக்கிறது. மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி, உப்பி, கூழாகிவிட்டால் குடலுக்கு மிச்சம் வேலை கொஞ்சம்தான். எந்தத் தானியமாக இருந்தாலும் எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ, எவ்வளவு குழைய விடுகிறோமோ, அவ்வளவு வேகமாக ரத்தத்துக்கு வரும். ராத்திரிக் கோதுமை தோசையும் இதே கதைதான். அரிசி மாவுக்குப் பதில் கோதுமை மாவு. பெயர்தான் மாறியிருக்கிறது, மாவு மாவுதான்.

கருப்பட்டி விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களிடம் பேசுவதற்கே எனக்குக் கொஞ்சம் தயக்கம். பனைமரத்தைப் பற்றிக் குறைவாகப் பேசினால் சொந்தக்காரரைப் பேசியது போலக் கோபம் வரும். சாயல்குடி பக்கம் உறவுகள் இருப்பதால் எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதநீரில் இருக்கும் சர்க்கரையும் கரும்பில் இருக்கும் சர்க்கரையும் ஒன்றேதான், சுக்ரோஸ். காய்ச்சி இறுக்கினால் ஒன்று கருப்பட்டி, இன்னொன்று வெல்லம், வெளுத்துப் பொடியாக்கினால் சீனி. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் மிஞ்சியிருக்கும், மணமும் ருசியும் இருக்கும். அதற்காகச் சர்க்கரை போய்விடாது. சீனிக்கு அட்டவணை எண் 65. செல்லில் சுற்றும் அட்டவணைகள் கருப்பட்டிக்கு அதைவிடக் குறைந்த எண்ணைப் போடுகின்றன. அந்த எண் சரி என்றே வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு லாபம் இல்லை. சீனி போட்டுக் குடித்தபோது ஒரு ஸ்பூன் போட்டிருப்பீர்கள். கருப்பட்டி நல்லது என்று நினைத்த பிறகு காப்பிக்கு ஒரு துண்டு, கஞ்சிக்கு ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு துண்டு என்று ஒரு நாளைக்கு 50 கிராமைத் தொட்டிருப்பீர்கள். எண் பாதியாகி அளவு மூன்று மடங்கானால் சுமை கூடத்தான் செய்யும். என்னிடம் வருபவர்களில் சீனியை விட்டபின் சர்க்கரை ஏறியவர்களிடம் முதலில் நான் கேட்பது கருப்பட்டியைத்தான்.

அதே அட்டவணையில் ஐஸ்கிரீமுக்கு நடுத்தரத்தை ஒட்டிய எண்தான் இருக்கும், பாருங்கள். கொழுப்பு இருப்பதால் வயிறு மெதுவாகக் காலியாகும், அதனால் எண் குறைகிறது. அதற்காகத் தினமும் ஐஸ்கிரீம் சாப்பிடலாமா? அந்த எண் ஒரு உணவு நல்லதா கெட்டதா என்று சொல்வதற்காக ஏற்பட்டதே அல்ல.

இனி 251. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, கஞ்சி குடிப்பதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது? நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெறும் வயிற்றிலேயே 156 இருக்கிற உடம்பு உங்களுடையது. சாப்பிடாத நேரத்திலும் ஈரல் ரத்தத்துக்குச் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் அது இன்னும் கூடும். உங்களுக்குக் கொடுத்திருக்கும் மெட்பார்மின் முக்கியமாக அந்தக் குழாயைத்தான் இறுக்குகிறது, அது முழுப் பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும். அதனால் 251ல் ஒரு பங்கு ஈரலுடையது, ஒரு பங்கு கஞ்சியுடையது. கஞ்சியின் பங்கு எவ்வளவு என்று தெரிய, குடிப்பதற்கு முன் ஒரு தடவையும், முதல் மடக்கு குடித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் பார்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கு வைக்காதீர்கள், ஆரம்பித்ததிலிருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சாப்பாட்டின் வேலை. முன்னால் 165 இருந்து பின்னால் 251 என்றால் ஏற்றம் 86. இந்த ஏற்றம் 50க்குள் நிற்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. சாப்பிட்ட பின் மொத்த எண் 180ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. உங்கள் டாக்டர் அதற்கும் கீழே வைக்கச் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

விரலைக் குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்தபின் குத்துங்கள். கருப்பட்டியை உடைத்த கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் சேர்த்து மெஷின் எண்ணிவிடும். ஸ்ட்ரிப் டப்பாவைப் படகில் வெயில்பட வைக்காதீர்கள், ஒன்றை எடுத்ததும் மூடியை இறுக்கி மூடுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு அது சீக்கிரம் கெட்டுவிடும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வீட்டு மெஷின் லேப் கணக்கிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து வரை முன்பின் காட்டலாம், அதை அனுமதித்தே தயாரிக்கிறார்கள். அதனால் ஒரு நாள் 172, மறுநாள் 184 என்று வந்தால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று வருந்தாதீர்கள். இரண்டும் ஒன்றுதான். 170க்கும் 230க்கும் உள்ள வித்தியாசம்தான் வித்தியாசம்.

மெஷின் மட்டும் இல்லை, உடம்பும் ஆடும். 2016ல் அமெரிக்காவில் 63 பேருக்கு வெள்ளை ரொட்டியைக் கொடுத்து அதன் ஜி.ஐ.யைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். சராசரி 62 வந்தது. ஆனால் ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் சுமார் 20 சதவீதம் மாறியது, ஆளுக்கு ஆள் சுமார் 25 சதவீதம் மாறியது. ஆராய்ச்சிக்கூடத்தில் நிறுத்துக் கொடுத்த ரொட்டிக்கே இந்த நிலை. ராத்திரி முழுக்க முழித்து வலை இழுத்துவிட்டு வந்த உடம்புக்கு அட்டவணையிலிருந்து ஒரு எண்ணை எடுத்து ஒட்டவைத்தால் எப்படிப் பொருந்தும்?

அடுத்து மத்தியானச் சோறு. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். சாப்பிடலாம். எவ்வளவு, எதோடு, எந்த வரிசையில் என்பதில்தான் விஷயம்.

முதலில் எவ்வளவு. கடல் வேலை செய்பவர் தட்டில் 400 கிராம் சோறு இருப்பது சாதாரணம். அதில் மாவுச்சத்து 110 கிராம் வரும். பொன்னி அரிசிக்கு அட்டவணை எண் 70. பெருக்கி வகுத்தால் சுமை 77. இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அரிசியை மாற்றுவது. சென்னையில் ஒரே ரக நெல்லைத் தீட்டியும் தீட்டாமலும் சோதித்தபோது, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிக்கு 80ஐ ஒட்டியும் தீட்டாத அரிசிக்கு 58ஐ ஒட்டியும் வந்தது. நீங்கள் தீட்டாத அரிசி வாங்கி அதே 400 கிராம் சாப்பிட்டால் சுமை 64. இரண்டாவது வழி, வீட்டில் இருக்கும் அதே பொன்னியை 200 கிராமாகக் குறைப்பது. அப்போது சுமை 39 ஆகிவிடும். அரிசியை மாற்றியதில் கிடைத்தது 13, பாதியாக்கியதில் கிடைத்தது 38. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அரிசியைவிடச் சின்ன அகப்பைக்கு அதிக பலன். இரண்டையும் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் காசு இல்லை என்று ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டாம். ரேஷன் புழுங்கல் அரிசியை வைத்தே ஆரம்பிக்கலாம்.

200 கிராம் சோறு எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள், எல்லோருக்கும் தப்பாகத்தான் வரும். 70 கிராம் அரிசியை ஒரு நாள் தனியாக நிறுத்து, தனியாக வடித்துத் தட்டில் போட்டுப் பாருங்கள். அது எத்தனை அகப்பை என்று வீட்டில் இருப்பவர்களும் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பின் அகப்பைக் கணக்கு போதும்.

அப்புறம், பாதியாகக் குறைத்த இடத்தில் என்ன வைப்பது? இந்த விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மீனில் மாவுச்சத்தே கிடையாது. அதனால் மீனுக்கு ஜி.ஐ. எண்ணே இல்லை. அட்டவணையில் சாளையையும் நெத்திலியையும் தேடி, காணவில்லை என்று விட்டுவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும்! விற்றது போக மிஞ்சும் காரல், சாளை, நெத்திலி எதுவானாலும் குழம்பிலோ அவித்தோ தாராளமாக வைக்கலாம். கடல் வேலைக்குத் தெம்பு வேண்டும், சோற்றைக் குறைத்துவிட்டு வயிற்றைக் காயப் போடக் கூடாது. கருவாட்டை மட்டும் எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள். அதில் மாவுச்சத்து இல்லைதான், ஆனால் உப்பு ரத்தக் கொதிப்பைக் கூட்டும். மாவு தோய்த்துப் பொரித்த மீன் வேறு கணக்கு.

காய்கறிதான் நம் பக்கத்தில் கஷ்டம். உப்புத் தண்ணீரில் கீரைப்பாத்தி வைக்க முடியாது, சந்தைக்குப் போனால்தான் காய். இருந்தாலும் முருங்கை இல்லாத வீடு நம்மிடம் குறைவு. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் தட்டைப்பயறும் சேர்த்து வதக்கினால் போதும். தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு விஷயத்தில் மட்டும் அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். முழுப் பயறுகள் எங்கே, யார் அளந்தாலும் குறைந்த எண்தான் வருகிறது. அவற்றின் மாவுச்சத்தே மெதுவாக உடையும் வகை, நார்ச்சத்தும் புரதமும் கூடவே இருக்கின்றன.

வரிசை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு ஆளின் கணக்கைச் சொல்கிறேன். பாம்பன் பக்கம் வலை பின்னும் ஒரு அம்மா. வயது ஐம்பதைத் தாண்டியவர். சோற்றை இரண்டு அகப்பைக்குக் கொண்டுவந்துவிட்டார், ஆனாலும் சாப்பிட்டபின் 200க்கு மேல் வந்துகொண்டிருந்தது. எதையும் மாற்ற வேண்டாம், வரிசையை மட்டும் மாற்றுங்கள் என்றேன். முதல் இரண்டு நாள் வழக்கம் போலக் குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அடுத்த இரண்டு நாள் அதே அளவு கூட்டையும் மீனையும் முதலில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் சோற்றை எடுத்தார். முதல் இரண்டு நாள் 138லிருந்து 214, 141லிருந்து 208. அடுத்த இரண்டு நாள் 136லிருந்து 183, 144லிருந்து 190. ஏற்றம் எழுபதை ஒட்டி இருந்தது 46, 47க்கு வந்துவிட்டது. மீனின் புரதமும் கூட்டின் நாரும் முதலில் போய் உட்கார்ந்துகொண்டால் வயிறு சோற்றை மெதுவாகத்தான் கீழே விடும். எல்லோருக்கும் இவ்வளவு இறங்காது, சிலருக்குப் பத்து, பதினைந்துதான் இறங்கும். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மெஷின்தான் சொல்லும்.

நீங்கள் மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். ராத்திரி முழித்தவருக்குத் தூக்கம் வேண்டும், சரி. படுப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்து படுங்கள். காலில் வேலை செய்யும் தசை அந்த நேரத்தில் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இதையும் மெஷினில் பார்க்கலாம்.

காலைக் கஞ்சிக்குப் பதிலாக என்ன என்று கேட்பீர்கள். முதலில் கருப்பட்டி வேண்டாம், மோரும் சின்ன வெங்காயமும் உப்பும் போதும். மாவை 80லிருந்து 30 கிராமாக்கி ஒரு செம்பு குடியுங்கள். அதற்கு முன்னால் இரண்டு அவித்த முட்டை, இல்லையென்றால் ஒரு கிண்ணம் சுண்டல். கேழ்வரகு மாவை அடையாகத் தட்டி முருங்கைக்கீரை போட்டுச் சாப்பிட்டால் கஞ்சியைவிட எனக்கு அது பிடிக்கும், மென்று சாப்பிடுவதால் நேரமும் ஆகும். பழைய சோறும் சாப்பிடலாம். வடித்த சோறு ஆறிக் கிடக்கும்போது மாவுச்சத்தில் ஒரு சின்னப் பங்கு இறுகி, செரிக்காத வகையாக மாறுகிறது. இதைக் கேட்டுவிட்டுச் சட்டி நிறையச் சாப்பிடாதீர்கள். ஒரு ஆராய்ச்சியில் சோற்றை ஒரு நாள் குளிர வைத்துச் சுடவைத்தபோது, 100 கிராமில் அந்த வகை 0.64 கிராமிலிருந்து 1.65 கிராமாகத்தான் கூடியது. நூறில் ஒரு கிராம். அளவு பாதியாக இருந்தால்தான் அந்த ஒரு கிராமுக்கு மதிப்பு.

சோதிப்பதை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் காசு, தினமும் ஏழெட்டுத் தடவை குத்த வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலைச் சாப்பாடு. இரண்டு நாள் பழைய மாதிரி, இரண்டு நாள் புது மாதிரி, முன்னும் பின்னும் பார்த்தால் எட்டு ஸ்ட்ரிப்தான். இரண்டு விஷயத்தை ஒரே நாளில் மாற்றாதீர்கள், எதனால் இறங்கியது என்று தெரியாமல் போய்விடும். ஒரு நோட்டில் தேதி, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை அகப்பை, முன் எண், பின் எண் என்று எழுதுங்கள். கடலுக்குப் போகாத நாளா போன நாளா என்பதையும் எழுதுங்கள், உங்களுக்கு அது ரொம்ப முக்கியம். அடுத்த வாரம் மத்தியானச் சோறு. மூன்றாவது வாரம் ராத்திரி தோசை. மூன்று வாரத்தில் இருபத்துநாலு ஸ்ட்ரிப்பில் உங்களுக்கென்று ஒரு அட்டவணை கைக்கு வந்துவிடும். மகன் செல்லில் எடுத்ததைவிட அது உங்களுக்குப் பொருந்தும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். மெட்பார்மின் மட்டும் போடும்வரை, சோற்றைக் குறைத்தாலும் சர்க்கரை திடீரென்று கீழே விழும் ஆபத்து மிகக் குறைவு. டாக்டர் பின்னால் கிளிமிபிரைடு மாதிரி வேறு மாத்திரை சேர்த்தால் கதை மாறிவிடும். அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். நடுக்கடலில் கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் பக்கத்தில் ஆள் கிடைக்காது. அப்படி மாத்திரை மாறினால், சோற்றைக் குறைத்திருக்கிறேன், ராத்திரி கடலுக்குப் போகிறேன் என்று அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். படகில் ஒரு டப்பாவில் சீனி வையுங்கள். மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் கால் மணி நேரத்தில் தெளியும். அந்த நேரத்தில் வேகமாக ஏறுவதுதான் வேண்டும், கேழ்வரகு உதவாது. அதேபோல 300க்கு மேல் தொடர்ந்து வந்தாலோ, அடிக்கடி சிறுநீர் போய், தாகம் எடுத்து, உடம்பு இளைத்தாலோ நோட்டு எழுதிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடைசியாகப் பதநீர். மரத்திலிருந்து இறக்கிய பதநீரில் 100க்கு 10 முதல் 14 வரை சர்க்கரை. 200 மில்லி டம்ளர் ஒன்றில் 20 முதல் 28 கிராம், அதாவது நாலைந்து தேக்கரண்டி சீனி. பட்டையில் ஊற்றிக் குடித்தால் ஒரு டம்ளரோடு யாரும் நிறுத்துவதில்லை என்பது எனக்கும் தெரியும். கரைந்தே இருப்பதால் கஞ்சியைவிட வேகமாக ஏறும். இப்போது உங்கள் எண்கள் இருக்கும் நிலையில் இந்த வருடம் பதநீரை விட்டுவிட்டு நுங்குக்கு மாறுங்கள். இளநுங்கு மூன்று, நான்கு சுளை சாப்பிட்டால் பெரும்பாலும் தண்ணீர்தான். மூன்று மாதம் கழித்து எடுக்கும் சோதனையில் 7.9 ஏழுக்குக் கீழே வந்திருந்தால், அடுத்த சீசனில் ஒரு நாள் அரை டம்ளர் குடித்து, முன்னும் பின்னும் குத்திப் பார்த்து, அந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மேலே என்ன செய்யலாம் என்று அப்போது சொல்கிறேன்.